டின், பாட்டில் லேபிள் மொழிபெயர்ப்பு தப்பாக வருகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து கடையில் நின்றுகொண்டு டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் சுத்த சைவம். தோழி வீட்டுக் குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது. இதனால் வாரத்தில் இரண்டு மூன்று பேராவது ஒரு டின்னின் படத்தை அனுப்பி, "ஆப் என்னமோ உளறுது, இதுல என்ன இருக்குன்னு பாருங்க" என்று கேட்பார்கள். பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது: பெரும்பாலும் மொழிபெயர்ப்பில் கோளாறு இல்லை. வளைந்த பரப்பிலிருந்து போன் எழுத்தைப் படிக்கும்போதே பிழை நுழைந்துவிடுகிறது.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். மொழிபெயர்ப்பைப் பார்க்காதீர்கள், ஆப் படித்தெடுத்த ஜெர்மன் எழுத்தைப் பாருங்கள். படத்தில் இருக்கும் எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கும் வசதி பெரும்பாலான மொழிபெயர்ப்பு ஆப்களில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். நகலெடுத்ததை ஒரு குறிப்பில் ஒட்டி, டின்னோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஜெர்மன் தெரியாவிட்டாலும் ஒப்பிட முடியும், வடிவம் ஒன்றா என்று பார்த்தால் போதும். எழுத்து தப்பாகவோ, விடுபட்டோ, வரி மாறியோ இருந்தால் படம் எடுத்ததில் பிழை: அறிகுறி 1, 2, 3 பாருங்கள். எழுத்து சரி, பொருள்தான் விசித்திரம் என்றால் வரி உடைந்ததில் பிழை: அறிகுறி 4, 5. பொருள் சரியாகத் தெரிகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை என்றால் நேராக அறிகுறி 6-க்குப் போங்கள்.

## அறிகுறி 1: நடுவில் சரியாகப் படிக்கிறது, இரண்டு ஓரத்திலும் குப்பையாக வருகிறது

இதுதான் அதிகம் வருவது. ஓரத்துக்குப் போகப் போக எழுத்து நெருங்கி ஒடுங்குகிறது. நம்மை நேராகப் பார்க்கும் இடத்திலிருந்து 30 டிகிரி தள்ளி இருக்கும் எழுத்து அதன் அகலத்தில் ஏறக்குறைய 87 சதவீதம் தெரியும். அதைப் படிக்கப் போனுக்குச் சிரமம் இல்லை. 60 டிகிரி தள்ளிப் போனால் பாதி அகலம்தான். அங்கே `m` என்பது `n` ஆகும், `rn` என்பது `m` ஆகும், `ü` மேலே இருக்கும் இரண்டு புள்ளியும் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் செய்ய வேண்டியது: ஒரே படத்தில் முழு லேபிளையும் பிடிக்கும் ஆசையை விடுங்கள். நடுவிலிருந்து இருபுறமும் 30 டிகிரி, அதாவது சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே ஒரு படத்துக்கு நம்பத்தக்கது. 330 மில்லி குளிர்பான டின்னின் விட்டம் பொதுவாக 66 மி.மீ.; அதில் ஆறில் ஒன்று சுமார் 35 மி.மீ., இரண்டு விரல் அகலம். பெரிய சூப் டின்னில் ஏறக்குறைய 5 செ.மீ. கிடைக்கும். போனை அசைக்காமல் டின்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுங்கள். முந்தைய படத்தின் கடைசி இரண்டு சொற்கள் அடுத்த படத்திலும் விழ வேண்டும். பின்னால் ஒட்டவைக்கும்போது அந்த இரண்டு சொற்கள்தான் கைபிடி.

அடுத்தது: போனைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பக்கத்தில் போனால் நடுப்பகுதி துருத்திக்கொண்டு, ஓரம் இன்னும் ஒடுங்கும். நடுவும் ஓரமும் ஒரே சமயத்தில் தெளிவாகவும் இருக்காது. 30, 40 செ.மீ. தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

அதற்கும் மசியாவிட்டால்: லேபிளைக் கழற்றிவிடுங்கள். சூப், பருப்பு, தக்காளி டின்களில் காகித லேபிள் பெரும்பாலும் இரண்டு முனை சேரும் இடத்தில் மட்டுமே பசையிட்டிருக்கும். அந்த மடிப்பின் மேல் கத்தியை ஓட்டினால் முழுத் தாளாக வந்துவிடும். கண்ணாடி பாட்டிலில் முழுக்க ஒட்டிய காகிதமாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறப் போட்டுப் பாருங்கள். பல லேபிள்கள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிறகு மேசையில் விரித்து மேலிருந்து ஒரு படம், அல்லது ஸ்கேனர் இருந்தால் அதில் ஒரு நகல். கழற்றிய டின்னின் மேல் பெயரை எழுதி வைக்க மறக்காதீர்கள். நேராகத் தகரத்தின் மேலேயே அச்சடித்திருந்தால் இந்த வழி இல்லை. படங்களை ஒட்டித்தான் ஆக வேண்டும்.

## அறிகுறி 2: முதல் வரியில் தொடங்கி இரண்டாம் வரியில் முடிகிறது

எழுத்தெல்லாம் சரி. ஆனால் முதல் வரியின் பாதிக்கு மேல் இரண்டாம் வரியின் சொற்கள் வந்து நிற்கின்றன. படத்தைத் திறந்து பாருங்கள், வரி நேராக இருக்காது. இரண்டு முனையும் மேலே தூக்கியிருந்தால் போன் உயரத்தில் இருந்திருக்கிறது. முனைகள் கீழே தொங்கினால் போன் தாழ்வாக இருந்திருக்கிறது. வரி வளைந்த இடத்தில், பக்கத்து வரியைத் தன் தொடர்ச்சி என்று ஆப் எடுத்துக்கொள்கிறது.

சோதனை: கேமராவில் கட்டக் கோடுகளை வரவழைத்து, கிடைக்கோட்டை ஒரு வரியின் அடியில் பொருத்துங்கள். நடுவிலும் முனையிலும் கோட்டைத் தொட்டால் சரி. தொடவில்லை என்றால் டின்னை மேசை விளிம்பில் வைத்து, எதிரே புத்தகங்களை அடுக்கி, லென்ஸ் அந்த வரியின் உயரத்துக்கு வரும்வரை ஏற்றி இறக்குங்கள். நீளமான லேபிளாக இருந்தால் மேல் பாதிக்கு ஒரு உயரம், கீழ்ப் பாதிக்கு ஒரு உயரம் என்று இரண்டு தடவை எடுப்பது நல்லது.

கழுத்து குறுகும் பாட்டில்களில் இது மட்டும் போதாது. அந்தப் பகுதி கூம்பு போல இருப்பதால் எவ்வளவு நேராகப் பிடித்தாலும் வரி வளையும். பாட்டிலைச் சாய்த்து, அந்தச் சரிவு போனுக்கு இணையாக வரும்படி வையுங்கள். எடுத்த படத்தை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாகப் படிக்க விடுங்கள். அவ்வளவு சின்னத் துண்டில் வளைவு தொந்தரவு செய்யாது.

## அறிகுறி 3: சில சொற்களே காணவில்லை, நடுவில் வெள்ளைப் பட்டை

தகர டின்னில் ஜன்னல் வெளிச்சமோ விளக்கோ செங்குத்துக் கோடாகப் பளபளக்கும். அந்தக் கோட்டுக்கு அடியில் இருக்கும் எழுத்து போனுக்குத் தெரியாது. ஃப்ளாஷை அணையுங்கள், டின்னைக் கொஞ்சம் திருப்புங்கள், மறைந்திருந்த எழுத்து கோட்டுக்கு வெளியே வந்துவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் என்றால் முதலில் வியர்வையைத் துடையுங்கள். நிறமில்லாத கண்ணாடியில் நேரடியாக அச்சடித்திருந்தால், எதிர்ப் பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிந்து குழப்பும். பாட்டில் காலியாக இருந்தால் உள்ளே ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டிப் போடுங்கள். நிரம்பியிருந்தால் சில சமயம் இதற்கு வழியே இல்லை, கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்வதுதான் விரைவு.

பாட்டிலின் அடியிலோ தோளிலோ புடைப்பாக இருக்கும் எழுத்துக்கு வேறு வழி. மெல்லிய தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேயுங்கள். எழுத்து தாளில் ஏறிவிடும்.

## அறிகுறி 4: "மண்", "பால்", "முட்டை வெள்ளை" என்று துண்டு துண்டாக வருகிறது

எழுத்தைச் சரியாகப் படித்துவிட்டது. ஆனால் மொழிபெயர்ப்பில் லேபிளில் இருக்கவே முடியாத பொருள்கள் வருகின்றன. இது ஜெர்மனுக்கே உரிய தலைவலி. அங்கே சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளும். குறுகிய லேபிளில் இடம் போதாமல் நடுவில் உடையும். வேர்க்கடலைக்கு `Erdnüsse` என்று பெயர். வரி முடிவில் `Erd-` என்று நின்று, அடுத்த வரியில் `nüsse` வந்தால், ஒவ்வொரு வரியையும் தனி வாக்கியமாக எடுக்கும் ஆப் மண் என்றும் கொட்டைகள் என்றும் இரண்டு பொருளைக் காட்டும். வேர்க்கடலை என்ற சொல் எங்குமே வராது. ஒவ்வாமை உள்ள குழந்தையின் அம்மா தேடுவதோ அந்த ஒரு சொல்லைத்தான்.

போன மாதம் தோழி அனுப்பிய பருப்பு சூப் டின்னை அப்படியே எடுத்துக்கொள்வோம். படங்களை ஒட்டிய பிறகு கிடைத்த எழுத்து இது:

```
Zutaten: Wasser, Linsen, Kartoffeln, Schwei-
nespeck geräuchert, Karotten, Milch-
eiweiß, Zwiebeln, Weizen-
und Roggenmehl, Salz, Sellerie.
```

அவளுடைய ஆப்பில் தண்ணீர், பருப்பு, உருளைக்கிழங்கு சரியாக வந்தன. `Schwei` என்பதற்குப் பொருளே இல்லாததால் அது அப்படியே நின்றது. இரண்டாம் வரி "ஏதோ புகையிட்டது" என்று வந்தது. அப்புறம் பால், அப்புறம் முட்டை வெள்ளை. அவள் என்னிடம் கேட்டது, "முட்டை இருக்குன்னு சொல்லுது, மத்தபடி சைவம்தானே?" என்று.

நான் செய்தது இவ்வளவுதான். எழுத்தை நகலெடுத்து, வரி முடிவுகளை நீக்கி, ஒரே நீண்ட வரியாக்கினேன். வரி கடைசியில் நிற்கும் சிறு கோட்டை அழித்து, அடுத்த துண்டோடு ஒட்டினேன்:

```
Zutaten: Wasser, Linsen, Kartoffeln, Schweinespeck geräuchert, Karotten, Milcheiweiß, Zwiebeln, Weizen- und Roggenmehl, Salz, Sellerie.
```

இப்போது நான்காவது பொருள் புகையிட்ட பன்றிக் கொழுப்பிறைச்சி என்று தெளிவாக வந்தது. ஐரோப்பிய விதிப்படி பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக எழுத வேண்டும். நான்காவது இடம் என்றால் கேரட்டை விடக் குறையாத அளவு. முட்டையோ கிடையாது. `Milcheiweiß` என்பது பாலின் புரதம். `Eiweiß` என்ற சொல்லுக்கு முட்டை வெள்ளை, புரதம் என்று இரண்டு பொருளும் உண்டு; சத்து அட்டவணையில் அது தனியாக வந்தால் புரதம்தான். பொருள் பட்டியலில் கோழி முட்டையைச் சொல்ல வேண்டும் என்றால் `Ei`, `Vollei`, `Hühnereiweiß` என்று எழுதியிருப்பார்கள்.

மேலே ஒரு இடத்தில் மட்டும் சிறு கோட்டை நான் அழிக்கவில்லை, கவனித்திருப்பீர்கள். `Weizen-` என்பதற்குப் பின்னால் `und` வருகிறது. அங்கே கோடு உடைந்த சொல்லைக் காட்டவில்லை. "கோதுமை மாவும் கம்பு மாவும்" என்று இரண்டு தடவை மாவைச் சொல்லாமல் சுருக்கியிருக்கிறார்கள். (இங்கே கம்பு என்று ஆப் சொல்வது நம் ஊர்க் கம்பு அல்ல, ரை என்ற குளிர்நாட்டுத் தானியம்.) அந்தக் கோட்டை அழித்து `Weizenund` என்று ஒட்டினால் கோதுமையே காணாமல் போகும். விதி இதுதான்: கோட்டுக்கு அடுத்த சொல் `und` அல்லது `oder` என்றால் கோட்டை விட்டுவைத்து ஒரு இடைவெளி விடுங்கள். மற்ற இடங்களில் அழித்து ஒட்டுங்கள்.

வளைவில் அந்தச் சிறு கோடே படத்தில் விழாமல் போவதும் உண்டு. ஜெர்மனில் பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். அதனால் ஒரு வரி சிறிய எழுத்தில் தொடங்கி, அந்தச் சொல்லைத் தனியாக மொழிபெயர்த்தால் பொருள் வரவில்லை என்றால், அது முந்தைய வரியின் வால் என்று சந்தேகப்படுங்கள். டின்னைத் திருப்பி அந்த வரியின் முனையைக் கண்ணால் பாருங்கள்.

`ß` எழுத்தை ஆப் பெரிய `B` என்று படிக்கும் பழக்கமும் உண்டு. `EiweiB` என்று வந்தால் கையால் திருத்துங்கள். போன் விசைப்பலகையில் `s` எழுத்தை அழுத்திப் பிடித்தால் `ß` வரும், `u` எழுத்தை அழுத்திப் பிடித்தால் `ü` வரும். தேட முடியவில்லை என்றால் `ss`, `ue` என்று அடித்தாலும் புரிந்துகொள்ளும்.

கடைசியாக ஒரு சோதனை. ஒட்டிய எழுத்தைக் காற்புள்ளியில் பிரித்து, சந்தேகமான சொற்களை மட்டும் ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். நேராகத் தமிழுக்கு மாற்றும்போது தானியம், இறைச்சி, பால் பொருள்களின் பெயர் சில சமயம் நமக்குப் பழக்கமான வேறொன்றாகிவிடுகிறது. கம்பு அதற்கு ஒரு உதாரணம்.

## அறிகுறி 5: இரண்டு மொழி கலந்து வருகிறது

ஒரே லேபிளில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று பத்தி பத்தியாக அடுத்தடுத்து இருக்கும். பத்திகளுக்கு நடுவில் இடைவெளி குறைவு. வளைவில் அது இன்னும் குறைந்து தெரியும். ஆப் இரண்டு பத்தியையும் குறுக்கே சேர்த்துப் படித்துவிடும்.

வேண்டாத பத்தியின் மேல் வெள்ளைத் தாள் கீற்றை வைத்து மூடிவிட்டு எடுங்கள். எடுத்த பிறகு வெட்டுவதை விட இது துல்லியம், டின்னின் வளைவோடு தாளும் வளைந்து உட்காரும். மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விடாமல் ஜெர்மன் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். பத்தித் தலைப்பில் `DE`, `FR`, `IT` போன்ற குறிகள் இருந்தால் எது எது என்று அதிலேயே தெரியும். உங்களுக்குத் தெரிந்த மொழி ஏதாவது அதில் இருக்கிறதா என்றும் ஒரு சுற்று திருப்பிப் பாருங்கள். பல டின்களில் ஆங்கிலப் பத்தி பின்பக்கம் ஒளிந்திருக்கும்.

## அறிகுறி 6: எல்லாம் சரளமாக வருகிறது, ஆனால் பொருள் தலைகீழ்

மேலே சொன்ன ஐந்தையும் விட நான் அஞ்சுவது இதற்குத்தான். உளறல் வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அழகான வாக்கியம் வந்தால் நம்பிவிடுவோம். குளோரின் கலந்த வெளுப்பான் பாட்டில்களில் இந்த எச்சரிக்கை இருக்கும்:

```
Achtung! Nicht zusammen mit anderen Produkten verwenden, da gefährliche Gase (Chlor) freigesetzt werden können.
```

வேறு பொருள்களோடு சேர்த்துப் பயன்படுத்தாதே, ஆபத்தான குளோரின் வாயு வெளிவரலாம் என்று அர்த்தம். இதில் `Nicht` என்ற ஒரே சொல்தான் "கூடாது" என்பதைச் சொல்கிறது. அது வரியின் இடது முனையில், வளைவுக்குள் விழுந்து, இரண்டாம் பாதியும் வேறு படத்துக்குப் போய்விட்டால், "மற்றப் பொருள்களோடு சேர்த்துப் பயன்படுத்தவும்" என்று பிழையில்லாத தமிழில் வந்து நிற்கும்.

சோதனை: `nicht`, `kein`, `keine`, `ohne`, `frei von` ஆகிய மறுப்புச் சொற்களை நினைவில் வையுங்கள். கட்டளை போல வரும் எந்த வாக்கியத்துக்கும், அதன் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் டின்னில் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஜெர்மனில் வினை பல சமயம் வாக்கியத்தின் கடைசியில் வரும். `Kann Spuren von Erdnüssen enthalten` என்றால் வேர்க்கடலையின் சுவடு இருக்கலாம் என்று பொருள். கடைசி `enthalten` அடுத்த பக்கம் போய்விட்டால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும்.

எண்ணுக்கும் இதே கவனம் வேண்டும். அங்கே தசமப் புள்ளிக்குக் காற்புள்ளிதான் போடுவார்கள். `0,5 g` என்பது அரை கிராம். ஓரத்தில் காற்புள்ளி மறைந்தால் அது 5 கிராம் ஆகிவிடும்.

தடித்த எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், உறையிட்ட உணவின் பட்டியலில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ தனித்துக் காட்ட வேண்டும். பால், முட்டை, வேர்க்கடலை, கோதுமை முதலிய தானியங்கள், செலரி, எள், கடுகு எல்லாம் அதில் உண்டு. எனவே ஆப் என்ன சொன்னாலும் தடித்த சொற்களை மட்டும் ஒரு தடவை கண்ணால் எண்ணி, மொழிபெயர்ப்பில் அத்தனையும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் சைவம் பார்ப்பவர்கள் இதை நம்பி நின்றுவிடக் கூடாது. பன்றியும் மாடும் அந்த 14-இல் இல்லை. மேலே பார்த்த டின்னில் செலரி தடித்திருந்தது, `Schweinespeck` சாதாரண எழுத்தில்தான் இருந்தது.

## எப்போது ஆப்பை மூடிவிட்டு ஆளைக் கேட்க வேண்டும்

ஒவ்வாமைக்காகப் பார்க்கிறீர்கள், ஒரு சொல்லாவது இரண்டு படத்தில் இரண்டு விதமாக வருகிறது என்றால், அங்கேயே நிறுத்துங்கள். கடைக்காரரிடம் அந்த வரியைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். தயாரித்தவர் அல்லது விற்பவரின் பெயரும் முகவரியும் லேபிளில் கட்டாயம் இருக்கும். அங்கே எழுதிக் கேட்கலாம். பதில் வரும்வரை அதைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

மருந்து பாட்டிலுக்கு மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். எத்தனை சொட்டு, எத்தனை மில்லி என்பதைப் போன் படித்துச் சொல்லி நாம் கொடுப்பது சரியில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்குப் போங்கள். `A` என்ற பெரிய சிவப்பு எழுத்துப் பலகை இருக்கும். மருந்தாளரிடம் அளவைத் தாளில் எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள்.

யாராவது சுத்தம் செய்யும் திரவத்தைக் குடித்துவிட்டாலோ கண்ணில் பட்டுவிட்டாலோ படம் எடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. நிலைமை மோசமாக இருந்தால் 112. இல்லையென்றால் நச்சு உதவி மையம். பெர்லினில் அதன் எண் 030 19240. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். லேபிளில் `UFI:` என்று தொடங்கும் 16 எழுத்துக் குறி நான்கு தொகுதிகளாக இருக்கும். மொழிபெயர்க்கவே தேவையில்லை, அதை எழுத்து எழுத்தாகப் படித்தால் போதும். உள்ளே என்ன கலவை என்பதை அவர்கள் அதை வைத்தே எடுத்துவிடுவார்கள்.